நான்கு பேர் அறையில் ஒருத்திக்கு மட்டும் அனல்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை அறை ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். வெடிமருந்து புழங்கும் அந்தச் சின்ன அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. ஒரு பொறி போதும் என்பதால் மின்சாரத்தை உள்ளே விடுவதில்லை. ஆகவே மின்விசிறியும் கிடையாது. நைலான் சேலை உரசினாலே பொறி கிளம்பலாம் என்று எல்லாரும் பருத்திதான் உடுத்தியிருக்கிறார்கள். சித்திரை மாதம், காலை பதினோரு மணி. கரிசல் காட்டு வெயில் கூரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு பெண்கள் சரம் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

நால்வருக்கும் ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே வேலை. ஆனால் ஒருவருக்கு மட்டும் திடீரென்று நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது. காது மடல் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவள் கேட்கிறாள்: “என்ன மதினி, மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு? காய்ச்சலா?” தொட்டுப் பார்த்தால் தோல் கொதிக்கிறது. மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் அடங்கி, வேர்த்த உடம்பு லேசாக நடுங்குகிறது. அரைமணி கழித்து மறுபடியும் அதே கதை. ராத்திரியிலும் விடுவதில்லை. தலையணை நனைந்து முழிப்புத் தட்டுகிறது.

இந்த மதினி நான் விளக்கத்துக்காக வரைந்துகொண்ட ஆள். அவருக்கு 44 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, மதுரையில் அறுவை, ஊசி மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு மாத்திரைதான். டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று. அந்த அனலைக் கிளப்புவதும் அந்த மாத்திரைதான். இது தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இது தெரிந்தும், அனலைத் தணிக்கத் தவறான மருந்தை எடுத்து, உயிர் காக்கும் மாத்திரையின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ஆபத்து பலருக்குத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை இயக்குநீரைத் தின்று வளர்பவை. அந்தச் செல்லுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்கு ‘ஏற்பி’ என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் என்ற சாவி அதில் நுழைந்து திரும்பினால் செல்லுக்கு ‘பெருகு’ என்ற உத்தரவு போகும். டமாக்சிஃபென் அதே அச்சில் வார்த்தது போன்ற, ஆனால் திரும்பாத சாவி. பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கதவைத் திறக்காது, அசல் சாவிக்கும் இடம் விடாது. எங்கோ ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு புற்றுச் செல்கள் பட்டினி கிடக்கும். ஐந்து வருடம் விடாமல் சாப்பிட்டவர்களில், அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்த நோயால் சாகும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பதை ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த மருந்தின் பிறப்பே ஒரு தவறிய முயற்சி. 1962இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை ஒரு கருத்தடை மருந்தாகத்தான் தயாரித்தார். எலிகளில் கருவைத் தடுத்தது. பெண்களிலோ கருமுட்டையைத் தூண்டிவிட்டது! கருத்தடைக்கு உதவாமல் கிடந்த அது 1970களில் புற்றுநோய் மருந்தானது. அதே தேடலில் நம் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு மூலக்கூறைக் கண்டுபிடித்து, அதைக் கருத்தடை மாத்திரையாகவே வெற்றிபெற வைத்தது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சாயா’ என்ற பெயரில் கிடைக்கும் வாரம் ஒருமுறை மாத்திரை அதுதான். இரண்டும் ஒரே வகைச் சாவி. இந்த வகையின் விசேஷம், உடம்பின் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வது. டமாக்சிஃபென் மார்பில் பூட்டை அடைக்கும். மாதவிடாய் நின்றவர்களின் எலும்பில் பாதி திறந்து, எலும்பைக் காக்கும். கருப்பையின் உள்சுவரில் திறந்தே விடும். அதனால்தான் டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். மூளையில்? அங்கே அது அடைக்கிறது. நம் மதினியின் அனல் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடம்பின் வெப்பத்தைக் காவல் காக்கிறது. உள்வெப்பம் இரண்டு கரைகளுக்கு நடுவே நடக்கலாம். மேல்கரையைத் தொட்டால் காவலாளி வேர்க்க வைப்பான். கீழ்க்கரையைத் தொட்டால் நடுங்க வைப்பான். நடுவில் இருக்கும் வரை ஒன்றும் செய்யமாட்டான். இந்த நடுப்பாதை வண்டிப்பாதை போல அகலமாக இருந்தால், சமையல், வெயில், கோபம், சூடான காபி எல்லாவற்றிலும் உள்வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்குவது நமக்குத் தெரியவே தெரியாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போதோ அடைபடும்போதோ இந்த வண்டிப்பாதை வரப்பாகச் சுருங்கிவிடுகிறது. வரப்பில் நடக்கிறவர் லேசாகச் சாய்ந்தாலும் வயலில் விழவேண்டியதுதான். அதுபோல, கொஞ்சம் சூடு ஏறினாலும் காவலாளி ‘தீப்பிடித்தது’ என்று முழு உடம்பையும் திறந்துவிடுகிறான். தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது. இப்படிக் குப்பென்று ஏறி இறங்குவதை இங்கே ‘அனல் வீச்சு’ என்று சொல்லிக்கொள்வோம்.

இது வெறும் உவமை அல்ல, அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் ஃப்ரீட்மன் என்பவர், பெண்களுக்கு வெப்பமானி பொதிந்த மாத்திரையை விழுங்கக் கொடுத்து, உள்வெப்பத்தைத் தொடர்ந்து படித்தார். அனல் வீச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் உள்வெப்பம் ஒரு சிறு அளவு ஏறியிருந்தது. அனல் வராத பெண்களிடம் வேர்க்கத் தொடங்கும் கோட்டுக்கும் நடுங்கத் தொடங்கும் கோட்டுக்கும் இடையே 0.4 டிகிரி செல்சியஸ் இடைவெளி இருந்தது. அனல் வரும் பெண்களிடம் அந்த இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம். அந்த அறையில் நான்கு பேருக்கும் ஒரே வெயில் என்றாலும், மூன்று பேருக்கு வண்டிப்பாதை, மதினிக்கு வரப்பு.

பாதையைச் சுருக்குவது எது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. அரிசோனாவில் நவோமி ரான்ஸ் என்ற மருத்துவர், இறந்த பெண்களின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மாதவிடாய் நின்றவர்களின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு கூட்டம் நரம்புச் செல்கள் மட்டும் வீங்கிப் பருத்திருந்ததைக் கண்டார். அவை நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரப்பவை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவற்றுக்குக் கடிவாளம் உண்டு. அது போனதும் அவை இஷ்டத்துக்குக் கத்தி, பக்கத்தில் இருக்கும் வெப்பக் காவலாளியைக் குழப்புகின்றன. அப்படியானால் நியூரோகைனின் பியை ஆரோக்கியமான இளம்பெண்களுக்குச் செலுத்தினால் அனல் வரவேண்டும் அல்லவா? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2015இல் செய்து பார்த்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இளம்பெண்களுக்கே அனல் வீச்சு வந்தது. ஒரு காரணத்தைத் தேடிப்போய்க் கையில் பிடிப்பது என்றால் இதுதான்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு டமாக்சிஃபெனுக்குப் பதிலாக வேறு வகை மாத்திரையும் தருவார்கள். அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்று மூன்று உண்டு. இவை பூட்டைத் தொடுவதில்லை. சாவி செய்கிற பட்டறையையே மூடுகின்றன. முட்டைப்பைகள் ஓய்ந்த பிறகும் கொழுப்பு, தசை ஆகியவற்றில் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டிருக்கும். அதை இந்த மாத்திரைகள் நிறுத்துகின்றன. முட்டைப்பை உயிர்ப்போடு இருக்கும் 44 வயது மதினிக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் பயன் இல்லை. பட்டறை மூடியதைக் கண்டு மூளை முட்டைப்பையை இன்னும் உசுப்பிவிடும். கருத்தரிக்காத பெண்களுக்கு லெட்ரோசோல் கொடுப்பதே இந்தக் குணத்துக்காகத்தான். அரோமடேஸ் தடுப்பிகளின் தொல்லை அனலைவிட மூட்டிலும் பிறப்புறுப்பு வறட்சியிலும் அதிகம் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மதினிக்கு வருவது அனல் வீச்சுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் அதற்கு மூன்று போலிகள் உண்டு. ஒன்று, வெயில் மயக்கம். அனல் வீச்சு ஐந்து நிமிடத்தில் தானே இறங்கும். வெயில் மயக்கத்தில் தலைசுற்றலும் வாந்தியும் நிழலுக்கு வந்தும் நீடிக்கும். இரண்டாவது, சர்க்கரை இறங்குவது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேர்த்து, கை நடுங்கி, பசி எடுத்தால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு இரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். மூன்றாவது, காசநோய். ராத்திரி வேர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். அனல் வீச்சின்போது நாக்குக்கு அடியில் வெப்பமானி வைத்தால் காய்ச்சல் காட்டாது, தோல்தான் கொதிக்கும்.

அடுத்த வேலை எண்ணுவது. ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு முறை சுலபமானது, ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். லேசானதற்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடுமைக்கு 3, தாங்கவே முடியாததற்கு 4. மதினிக்கு ஒரு நாளில் 8 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லேசு, 3 நடுத்தரம், 2 கடுமை. 3, 6, 6 கூட்டினால் 15. இந்த 15 எப்படிக் குறைகிறது என்று பார்த்தால்தான் எந்த வைத்தியம் வேலை செய்தது என்று தெரியும்.

ஏன் இவ்வளவு கறாராக எண்ணச் சொல்கிறேன் என்றால், அனல் வீச்சு தானாகவும் குறையும், நம்பிக்கையாலும் குறையும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சார்லஸ் லோப்ரின்சி குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக்கூட நான்கு வாரத்தில் இந்த மதிப்பெண் 27 சதவிகிதம் குறைந்தது. யாராவது ஒரு கசாயத்தைக் குடித்துவிட்டு ‘எனக்குக் குறைஞ்சிருச்சு’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கசாயம் இல்லாமலும் அந்த அளவு குறைந்திருக்கும் என்பதுதான் விஷயம். அதைத் தாண்டிக் குறைப்பதுதான் மருந்து.

மாதவிடாய் நின்ற சாதாரணப் பெண்களுக்கு அனலைத் தணிக்க மிகச் சிறந்த மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். மதினிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இதையும் சோதித்துத்தான் மூடினார்கள். ஸ்வீடனை மையமாகக் கொண்ட ‘ஹாபிட்ஸ்’ என்ற ஆய்வில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களில் ஒரு பாதிக்கு இயக்குநீர் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் விட்டார்கள். கொடுத்தவர்களில் 26 பேருக்கும் கொடுக்காதவர்களில் 7 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் மறுபடி வந்தது. 2003 டிசம்பரில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். டிபோலோன் என்ற, ‘பாதுகாப்பானது’ என்று எண்ணப்பட்ட மாத்திரையும் பிறகு இதே காரணத்தால் கைவிடப்பட்டது. ‘மாதவிடாய் கோளாறுக்கு’ என்று எந்த மாத்திரையைக் கையில் கொடுத்தாலும் அதில் இயக்குநீர் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

லோப்ரின்சியின் அந்த ஆய்வில் சோதித்தது வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தை. மனநோய்க்காகக் கொடுத்தது இல்லை. மூளையின் வெப்பக் காவலாளியைச் சற்று அமைதிப்படுத்துவதற்காக, குறைந்த அளவில். நாளைக்கு 75 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மதிப்பெண் 61 சதவிகிதம் குறைந்தது. இரட்டிப்பாக 150 கொடுத்தும் அதே 61தான். அதிகம் சாப்பிட்டால் அதிகப் பலன் இல்லை. 37.5இல் தொடங்கி ஒரு வாரத்தில் 75க்குப் போவது வழக்கம். மதினியின் 15, நான்கு வாரத்தில் 6 அல்லது 7க்கு வந்தால் பலன் இருக்கிறது என்று அர்த்தம். முதல் வாரம் குமட்டலும் வாய் வறட்சியும் வரும். இரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் அளந்து பார்க்க வேண்டும். நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும்.

இனிதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டாவது ஆபத்து. டமாக்சிஃபென் உடம்புக்குள் போனதும் அப்படியே முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதைப் பட்டைதீட்டி எண்டாக்சிஃபென் என்ற வலிமையான வடிவமாக மாற்றுகிறது. புற்றுச் செல்லின் பூட்டை இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். இப்போது, மனச்சோர்வு மருந்துகளில் பரோக்செட்டினும் ஃபுளுவாக்செட்டினும் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுபவை. மருந்து வயிற்றுக்குள் போகிறது, அட்டையில் மாத்திரை குறைகிறது, பெண் ‘தவறாமல் சாப்பிடுகிறேன்’ என்று நம்புகிறார். ஆனால் வலிமையான வடிவம் இரத்தத்தில் சரிந்துகிடக்கிறது. வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. கனடாவின் ஒன்டாரியோவில் 2010இல் வந்த ஆய்வில், டமாக்சிஃபெனையும் பரோக்செட்டினையும் எவ்வளவு காலம் சேர்த்துச் சாப்பிட்டார்களோ அவ்வளவுக்கு மார்பகப் புற்றுநோய் மரணம் கூடியிருந்தது. எல்லா ஆய்வுகளும் இதே அளவில் சொல்லவில்லை. ஆனால் வென்லாஃபாக்சின் போல நொதியை ஏறக்குறையத் தொடாத மருந்து கையில் இருக்கும்போது இந்தச் சோதனையை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

சிக்கல் என்னவென்றால், அனல் வீச்சுக்கென்றே 2013இல் அமெரிக்க அனுமதி பெற்ற முதல் இயக்குநீர் அல்லாத மருந்து அந்தப் பரோக்செட்டின்தான். மருந்து விவரங்களைத் தேடிப் படிக்கிற மருத்துவர் முதலில் அதைத்தான் காண்பார். இங்கே பரோக்செட்டினும் ஃபுளுவாக்செட்டினும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினம் எழுதப்படுபவை. அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த மாத்திரைகளுக்கு இந்த நொதியின் பட்டைதீட்டல் தேவையில்லை. தடை டமாக்சிஃபெனுக்கு மட்டும்தான்.

வென்லாஃபாக்சின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னும் வழி உண்டு. காபாபென்டின் என்ற வலிப்பு மருந்து நாளைக்கு 900 மில்லிகிராம் அளவில் அனலை நன்றாகக் குறைக்கும் என்று மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடமே சோதித்திருக்கிறார்கள். ஆனால் அது தூக்கம் வரவழைக்கும், தலையைச் சுற்றவைக்கும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் பகலில் கண் செருகக் கூடாது. ராத்திரி வேர்வையில் தூக்கம் கெடுகிறவருக்கு, படுக்கும்போது மட்டும் 300 மில்லிகிராம் என்பது இங்கே பொருத்தமான உபயோகம். ஆக்ஸிபியூட்டினின் என்ற சிறுநீர்ப்பை மருந்தும் அனலைக் குறைக்கும். 2020இல் வந்த ஆய்வு அதை நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அந்த மருந்து வியர்வையை அடக்கும் குணமுள்ளது. குளிர்நாட்டில் அது தொல்லையாக இராது. மின்விசிறி இல்லாத அறையில், நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் வெயில் அடிக்கும் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் வேர்க்க முடியாத உடம்பு வெயில் அதிர்ச்சிக்குப் போய்விடும். மருத்துவர் அதை எழுதினால் ‘நான் எங்கே, எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்’ என்று பெண்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

நியூரோகைனின் பியின் சத்தத்தையே அடைக்கும் புது மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றில் எலின்சனெட்டன்ட் என்பதை மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரைகள் சாப்பிடும் 474 பெண்களிடமே சோதித்து, அனல் தெளிவாகக் குறைந்ததை 2025இல் வெளியிட்டார்கள். காரணத்தின் வேரைப் பிடித்ததால் கிடைத்த பலன் அது. நம் ஊர் மதினிக்கு இன்றைக்குக் கைக்கெட்டுவது பழைய, மலிவான மருந்துகள்தான். அவையே பெரும்பாலோருக்குப் போதும்.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்? உள்வெப்பத்தை மேல்கரைக்குப் போகவிடாமல் வைப்பதுதான் தத்துவம். அனல் கிளம்பும்போது கழுத்துப் பின்புறம் ஈரத்துண்டு, பானைத் தண்ணீர், கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்காமல் ஆறவிட்டுக் குடிப்பது. பருத்தி உடை ஏற்கெனவே விதியாக இருக்கிறது. அது ஒரு நல்ல காரியம். மூச்சை மெதுவாக விடுவதால் அனல் எண்ணிக்கை குறையாது என்பது சோதித்துத் தெரிந்தது. ஆனால் லண்டனில் மைரா ஹண்டரும் எலினோர் மானும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 96 பேரிடம் செய்த ஆய்வில், ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், அசிங்கமாகிவிட்டது’ என்ற எண்ணத்தோடு மல்லுக்கட்டப் பழக்கும் மனப்பயிற்சி ஆறு வாரம் கொடுத்தபோது, எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும் அனலால் வரும் தொல்லை குறைந்தது. அந்த நான்கு பேர் அறையில் ‘இது மாத்திரையால் வர்ற சூடு, நாலு நிமிஷத்துல போயிரும்’ என்று மதினி ஒருமுறை சொல்லிவிட்டால், கேட்ட மூன்று பேரும் அவரைப் பார்த்துப் பதறுவது நின்றுவிடும்.

வீட்டு மருந்தைப் பற்றி ஒரு சொல். சோயாவைச் சாப்பாடாகச் சாப்பிடலாம். சோயா மாத்திரை வேண்டாம். குழம்பில் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல. ஆனால் மஞ்சள் சத்தை மிளகுச் சத்தோடு சேர்த்து அடைத்து விற்கும் மாத்திரை எண்டாக்சிஃபென் அளவைக் குறைத்ததாக நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சத்து மாத்திரை என்று எதை வாங்கினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரோமடேஸ் தடுப்பி சாப்பிடும் அக்காமார்களுக்கு இப்போது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, மணிக்கட்டும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். சரம் பின்னுகிற, தீப்பெட்டியில் குச்சி அடைக்கிற கைக்கு இது பிழைப்பையே பாதிக்கும். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று தோன்றும், நடப்பதுதான் தணிக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் நடத்திய ஆய்வில் வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும், இரண்டு முறை தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு மூட்டுவலி மதிப்பெண் சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மூன்றில் இன்னொன்றுக்கு மாறலாம், டமாக்சிஃபெனுக்கும் மாறலாம். மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார். எலும்பு தேயும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கால்சியம், வைட்டமின் டியும் இந்தக் குழு மாத்திரைகளோடு கூடவே வரவேண்டும்.

பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி நம் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. எரிச்சல், அரிப்பு, கணவனோடு சேரும்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, எல்லாம் ஒன்றாக வரும். தண்ணீர் கலந்த வழுவழுப்பு ஜெல்லும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போடும் ஈரப்பதக் களிம்பும் முதல் வழி. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு விஷயத்தில் கவனம் தேவை. டென்மார்க்கில் 2022இல் வெளியான ஆய்வில், அதை அரோமடேஸ் தடுப்பியோடு சேர்த்துப் போட்ட பெண்களுக்கு மட்டும் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது. கடைக்காரர் கொடுத்தாலும், முந்தைய சீட்டில் எழுதியிருந்தாலும், இந்த மாத்திரை சாப்பிடும்போது புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மதினிக்கு இன்னும் ஒன்று. டமாக்சிஃபெனால் மாதவிடாய் தள்ளிப்போனாலும் கருத்தரிக்கலாம். மருந்து குழந்தைக்குத் தீங்கு. கருத்தடைக்கு இயக்குநீர் மாத்திரை கூடாது, காப்பர்-டி போடுவதுதான் சரி. ஒற்றைக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இரத்தக்கட்டாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெண்களில் யாராவது டமாக்சிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ஊரில் சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும், சர்க்கரைக்குப் போனாலும், தூக்கம் வராததற்குப் போனாலும், அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். புதிதாக எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் ‘இது டமாக்சிஃபெனோடு சேருமா, டாக்டர்?’ என்று கேளுங்கள். அனல் தாங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல், எண்ணி எழுதிய நாட்காட்டித் தாளோடு உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.